கல் ரோலர் ஏன் நிற்கிறது? மண்தரையும் முன்தள்ளிய எதிர்விசையும்

கோபி பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில் பிட்ச் உருட்டும் கல் ரோலரை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளவு எடுத்தோம். அதிலிருந்து வந்த கேள்விகள் இவை. முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தியவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

கல்லூரி மாணவி, கோபி: உராய்வு பின்னால இழுக்குது, அதனால ரோலர் நிக்குதுன்னு படிச்சேன். ஆனா அடியில பின்னால இழுத்தா ரோலர் இன்னும் வேகமாத்தானே சுத்தணும்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய் அம்மா. ரோலர் வலப்பக்கம் ஓடுகிறது என்று வை. தொடும் இடத்தில் இடப்பக்கம் இழுக்கும் உராய்வு அதன் ஓட்டத்தைக் குறைக்கும். ஆனால் அச்சைச் சுற்றிப் பார்த்தால் அதே உராய்வு சுழற்சியைக் கூட்டும். வழுக்காமல் உருளும் ஒன்றுக்கு ஓட்டம் குறைந்தால் சுழற்சியும் குறைந்தாக வேண்டும். அப்படியென்றால் சுழற்சியைக் குறைக்க இன்னொரு விசை வேண்டும். எடையோ அச்சு வழியாகவே போகிறது, அதற்குத் திருப்பும் சக்தி இல்லை. மிச்சம் இருப்பது தரை மேல்நோக்கிக் கொடுக்கும் செங்குத்து எதிர்விசை N மட்டும்தான்.

அது அச்சுக்கு நேர் கீழே இருந்தால் அதுவும் எதையும் திருப்பாது. மண்தரையில் ரோலரின் முன்பக்கத்தில்தான் மண் அழுந்திக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்து மண் ஏற்கெனவே அழுந்தி முடிந்தது, அது எழும்பி வந்து கல்லைத் தள்ளுவதில்லை. அதனால் அழுத்தம் முழுக்க முன்பக்கம் சாய்ந்து, மொத்த N அச்சிலிருந்து e தூரம் முன்னே தள்ளி மேலே வருகிறது. அதன் திருப்புவிசை N e. சுழற்சியை எதிர்ப்பது இதுதான்.

மைதானம் பராமரிக்கும் அண்ணன்: அவ்வளவு கணக்கெல்லாம் எதுக்குங்க? பள்ளம் விழுது, ரோலர் எந்நேரமும் மேடு ஏறிட்டே இருக்குது. அதானுங்க பாரம்.

பாதி சரிங்க அண்ணா. முன்னால் மேடு இருப்பது உண்மை. ஆனால் பள்ளம் விழுந்தாலே தடை வந்துவிடாது. அழுந்திய தரை ரப்பர் மாதிரி முழுதாக எழும்பினால், முன்பக்கம் எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு பின்பக்கம் தள்ளிக் கொடுக்கும். பள்ளம் இருந்தும் e பூஜ்யமாகவே இருக்கும். அழுந்திய மண் அழுந்தியபடியே கிடப்பதுதான் தடைக்குக் காரணம். நீங்கள் ரோலர் ஓட்டுவதே மண் அப்படிக் கிடக்கட்டும் என்றுதானே!

டிப்ளமோ மாணவர், பெருந்துறை: e-ஐ எப்படி சார் அளக்கிறது? ஸ்கேல் வச்சுப் பார்க்க முடியாதே?

நேராக அளக்க முடியாது, இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கல் 50 செ.மீ. விட்டம், 70 செ.மீ. நீளம், எடை சுமார் 370 கிலோ. அச்சு உயரத்திலேயே கயிறு கட்டி, நடுவில் ஒரு தொங்கு தராசை மாட்டி, இரண்டு பேர் ஒரே சீராக இழுத்தார்கள். முந்தின நாள் தண்ணீர் விட்ட செம்மண். நகரத் தொடங்கும்போது முள் துள்ளும், அதை விட்டுவிட வேண்டும். சீராக நகர்ந்தபோது 41 கிலோ காட்டியது. அதே கல்லை சிமெண்ட் தளத்தில் இழுத்தபோது 4 கிலோ. அந்த நாலும் பெரும்பாலும் அச்சுக் கம்பி தேய்வது. ஆக, மண்ணின் பங்கு 37 கிலோ.

சீராக நகரும்போது மொத்தத் திருப்புவிசை பூஜ்யம். இழுப்பு P-க்குச் சமமாக உராய்வு பின்னால் இழுக்கிறது. கல்லின் ஆரம் R என்றால் அதன் திருப்புவிசை P R, எதிரே N e. அதாவது

```
e = P R / N = 37 × 25 / 370 = 2.5 செ.மீ.
```

திருப்புவிசை 370 × 9.8 × 0.025, ஏறக்குறைய 90 நியூட்டன்-மீட்டர்.

இதை நம்பலாமா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ரோலர் போன தடத்தின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அளந்தோம். ஆழம் 1 செ.மீ. அப்படியென்றால் கல் மண்ணைத் தொடும் பகுதி அச்சுக்கு நேர் கீழிலிருந்து முன்னே √(2 × 25 × 1), கிட்டத்தட்ட 7 செ.மீ. போகும். அழுத்தம் மண் அழுந்திய ஆழத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டால், மொத்த விசை அந்த 7-இல் எட்டில் மூன்று பங்கு தூரத்தில் விழும்: 2.6 செ.மீ. இரண்டு வழியும் இவ்வளவு பக்கத்தில் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஈரம் மாறினால் இந்தப் பொருத்தம் கலையலாம்.

விவசாயி, காங்கேயம்: எங்க மாட்டு வண்டிக்கு மை போட்டுத்தான் வச்சிருக்கேன். மழை பேஞ்சா மாடு இழுக்கத் திணறுது. மை சரியில்லீங்களா?

மை மேல் குற்றமில்லைங்க. மை குறைப்பது அச்சில் தேய்வதை மட்டும், எங்கள் ரோலரில் அந்த 4 கிலோ மாதிரி. மழையில் கூடுவது மண்ணின் e. சந்தேகம் இருந்தால் வெறும் வண்டியைத் தார் ரோட்டில் கையால் தள்ளிப் பாருங்க. அங்கேயும் கனத்தால் அச்சைக் கவனிக்கணும். லேசாகப் போனால் வண்டித் தடத்துச் சேறுதான் காரணம்.

இன்னொரு மாணவர்: தள்ளிவிட்ட உருளைக்கு எதிர்க்கும் திருப்புவிசை N e-ன்னு எழுதினேன். ஃபிரெண்டு அதுல மூணுல ஒரு பங்குதான்ங்கறான். யார் சரி?

இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பது N e. ஆனால் யாரும் இழுக்காமல் தானாக உருளும்போது, உராய்வு f அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேகம் குறையும் வீதம் a என்று வைத்தால்:

```
m a = f
I a / R = N e − f R
```

கெட்டியான உருளைக்கு நிலைமத் திருப்புத்திறன் I = m R²/2. இரண்டையும் சேர்த்தால் a = (2/3) g e/R. அப்போது f R என்பது N e-இல் மூன்றில் இரண்டு பங்கு, மிச்சம் ஒரு பங்குதான் சுழற்சியை உண்மையில் குறைக்கிறது. உன் நண்பன் சொன்னது அந்த மிச்சம். கேள்வியில் ‘மொத்த’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்.

நம் கல்லைச் சட்டம் கழற்றி நடை வேகத்தில், நொடிக்கு 1 மீட்டர் என்று, அதே மண்ணில் விட்டால் a 0.65 வரும். முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் போய், ஏறக்குறைய ஒரு எட்டு தூரத்தில் நின்றுவிடும்.

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்: கைப்பிடியை இழுக்கிறதா, தள்ளுறதா? பசங்க சண்டை போடுறாங்க.

இழுக்கச் சொல்லுங்க சார். கைப்பிடி 30 பாகை சாய்வில் இருந்தால் இழுக்கும்போது கை கல்லைக் கொஞ்சம் தூக்குகிறது, N குறைகிறது. தள்ளினால் அழுத்துகிறது. e அதே 2.5 என்று வைத்தால், மண்ணின் பங்குக்கு மட்டும் இழுக்க 40 கிலோ, தள்ள 45. பிட்ச் நன்றாக இறுக வேண்டும் என்றால் மட்டும் தள்ளலாம்.

மறுபடி அதே மாணவி: எடை மாறாம ஆரம் ரெண்டு மடங்கானா இழுப்பு பாதியாகுமா சார்?

கூலோம் சொன்னபடி e மாறாது என்றால் பாதி, 18.5 கிலோ. 1837-இல் துப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதை மறுத்தார். இழுப்பு ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்றார். அவர் கணக்கில் 26 வரும். நான் மேலே போட்ட ‘அழுந்திய ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம்’ கணக்கை அதே நீளக் கல்லுக்குத் தொடர்ந்தால், பெரிய உருளை குறைவாகப் புதைகிறது. இரண்டுக்கும் நடுவே 23 வருகிறது. மூன்றிலும் மண்ணைப் பற்றி ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. நம் செம்மண் எந்தப் பக்கம் நிற்கும் என்று தராசு மாட்டித்தான் சொல்ல முடியும். ஒரு மீட்டர் விட்டத்தில், 70 செ.மீ. நீளத்தில் உள்ள இரும்பு டிரம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மண் நிரப்பி 370 கிலோவாக்கி, அதே இடத்தில், அதே அளவு தண்ணீர் விட்டு இழுத்துப் பார்ப்போம்.