பெரியம்மாவுக்கு எழுதும் பயணக் கடிதம்

“லண்டனிலிருந்து பெரியம்மா முதன்முறையாகத் தனியே மட்டக்களப்புக்கு வருகிறார். விமானம் 15ஆம் திகதி 00.40க்குக் கட்டுநாயக்கவில் இறங்கும். கடிதத்தில் எப்படி எழுதுவது?”

அந்த 00.40 தான் ஆளைக் கவிழ்க்கும். நாங்கள் ஒருமுறை “15ஆம் திகதி இரவு” என்று எழுதி, வானையும் அன்று மாலைதான் அனுப்பினோம். மாமி அதற்குள் விமான நிலையக் கதிரையில் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டார். ஆகவே இப்படி எழுதுங்கள்:

“பெரியம்மா, 14ஆம் திகதி இரவு 12 மணி கழிந்து 40 நிமிடத்தில் இறங்குவீர்கள். வான் 14ஆம் திகதி பின்னேரம் 3 மணிக்கே இங்கிருந்து புறப்படும். பிரஷர் மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். எங்களுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை குத்தியபின் பெட்டியை எடுத்து, வெளியே வரும் வாசலில் நில்லுங்கள். தம்பி உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பான். வேறு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.”

வீடு வந்துசேர ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பதையும் சேருங்கள்; இல்லாவிட்டால் ஹபரணை தாண்டுமுன்பே “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்கத் தொடங்குவார். தம்பியின் இலக்கத்தைத் தனித்தாளில் பெரிதாக எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் லண்டன் சிம் வேலை செய்யாமல் போகலாம்; தாளிலுள்ள இலக்கத்தைக் காட்டினால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார்.