மெழுகுக்குள் ஒளி ஊறுவதைப் படத்தில் கொண்டுவர

கேள்வி: விற்பனைக்காக மெழுகுவத்தியைப் படமெடுக்கிறேன். சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. அதைச் சரிசெய்தால் மெழுகின் ஒளிர்வும் மேசைமேல் விழும் வெளிச்சமும் இருண்டுவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: சுடரின் பிரகாசம், அதன் ஒளி விழும் மேசைப்பரப்பின் பிரகாசத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் இருப்பதால், இரண்டையும் ஒரே ஷட்டர் வேகத்தில் பிடிக்க முடியாது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுத்து இணைப்பதே நம்பகமான வழி.

ஆனால் கேமராவுக்கு முன்பே மெழுகைத் தயார்செய்ய வேண்டும். சுடரின் ஒளி மெழுகுக்குள் நுழைந்து சிதறும்போதுதான் ஒளிர்வு பிறக்கிறது. புதிய மெழுகுவத்தியிலோ சுடர் தட்டையான மேற்பரப்புக்கு மேலே நிற்பதால் பெரும்பாலான ஒளி காற்றில் போய்விடுகிறது. 7 செ.மீ. விட்டமுள்ள தந்த நிற மெழுகுவத்தி என்றால், சில மணி நேரம் எரியவிட்டு, நடுவில் குழி விழுந்து விளிம்பு சுவர்போல் நின்றதும் அணைத்து, மெழுகு இறுகிய பின் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். மீண்டும் ஏற்றும்போது சுடரின் அடி விளிம்புக்குக் கீழேயும் நுனி மேலேயும் இருந்தால் நல்லது. அடர்ந்த சாயமேற்றிய மெழுகை எப்படி எடுத்தாலும் ஒளிராது.

காற்றோட்டத்தை நிறுத்திவிட்டு, ஐ.எஸ்.ஓ. 200, துளை எஃப் 5.6, வெள்ளைச் சமநிலை சுமார் 3000 கெல்வின் என வையுங்கள். சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1900 கெல்வின் என்பதால் அதன் மஞ்சள் அப்படியே நிற்கும். தானியங்கிச் சமநிலை அந்த மஞ்சளைக் குறைத்துவிடக்கூடும். முதல் படத்தை 1/125 நொடியில் தொடங்கி, சுடரின் ஓரத்தில் மஞ்சளும் அடியில் நீலமும் தெரியும்வரை வேகத்தைக் கூட்டுங்கள். மெழுகுக்கு 1/8 நொடியும் மேசைக்கு 1 நொடியும் தொடக்க அளவுகள்.

மேசையில் ஒரு சிக்கல் பலருக்குப் புலப்படுவதில்லை. உயர்ந்த விளிம்பு சுடரின் நேரடி ஒளியை மறைப்பதால், மெழுகுவத்தியைச் சுற்றிலும் நிழல் வளையம் விழுகிறது. 8 செ.மீ. உயரத்தில், நுனி விளிம்புக்கு மேல் 2 செ.மீ. நின்றால், அந்த நிழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 17 செ.மீ. வரை நீளும், உயரம் கூடினால் அதுவும் அகலும். ஆகவே மூன்றாம் படத்தில் மட்டும், சிறிய மஞ்சள் எல்.இ.டி. விளக்கை வெள்ளைத் துணிக்குப் பின்னால் வைத்து, சட்டகத்துக்கு வெளியே மேலிருந்து மெல்லிய ஒளி தரலாம்.

இணைக்கும்போது இரண்டாம் படத்தை அடிப்படையாக வைத்து, மற்ற இரண்டிலிருந்தும் தேவையான பகுதியை மென்மையான தூரிகையால் கொண்டுவாருங்கள். சுடரைச் சுற்றிய மங்கலான ஒளிவட்டத்தை இரண்டாம் படத்திலிருந்தே விட்டுவைக்க வேண்டும். அதை வெட்டினால் சுடர் ஒட்டவைத்ததுபோல் தோன்றும். ஒளிர்வு விளிம்பில் மிகுந்து, கீழே செல்லச் செல்ல எந்த இடத்திலும் கோடுபோல் முறியாமல் மங்கினால் இணைப்பு சரியாக அமைந்திருக்கிறது.