காய் விலை ஏறினால் சிப்ஸ் விலையை எவ்வளவு ஏற்றுவது?

"மார்த்தாண்டம் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடுறேன், மாசம் 1,000 கிலோ. காய் விலை கூடும்போது லாபம் எப்படி மாறும்னு எக்செல்ல பாக்கணும். எப்படி?"

உங்கள் கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 1 கிலோ சிப்ஸுக்கு 3 கிலோ காய். எண்ணெய், விறகு, கவர் சேர்த்து கிலோவுக்கு 110 ரூபாய். வாடகையும் சம்பளமும் மாதம் 50,000.

A2 முதல் A4 வரை விற்பனை விலை, B1 முதல் D1 வரை காய் விலை எண்ணாக மட்டும், G1-இல் 3. பிறகு B2-இல் இதைத் தட்டி, மற்ற கட்டங்களுக்கு இழுத்துவிடுங்கள்:

```
=1000*($A2-$G$1*B$1-110)-50000
```

| விற்பனை விலை | காய் 40 | காய் 50 | காய் 60 |
|---|---|---|---|
| 300 | 20,000 | -10,000 | -40,000 |
| 320 | 40,000 | 10,000 | -20,000 |
| 340 | 60,000 | 30,000 | 0 |

டாலர் குறி விட்டுப்போனால் இழுக்கும்போது கணக்கு தப்பும். D4-இல் 0 வருகிறதா என்று பாருங்கள்.

காய் 10 ரூபாய் ஏறினால் லாபத்தில் 30,000 போகிறது. அதை ஈடுகட்ட சிப்ஸ் விலையை 30 ரூபாய் ஏற்ற வேண்டும். ஓணத்துக்கு முன்னால் காய் விலை ஏறும்போது பலர் 10 ரூபாய் மட்டும் ஏற்றிவிட்டு, விற்பனை நன்றாக இருந்தும் கையில் காசு நிற்கவில்லையே என்பார்கள்.

இன்னொன்று, காய் சிறுத்துப்போனால் 3 கிலோ 3.3 ஆகும். G1-ஐ மாற்றிப் பாருங்கள். 320-க்கு விற்று 40-க்கு வாங்கினாலும் லாபம் 28,000-ஆகக் குறையும். அதனால் ஒவ்வொரு லோடுக்கும் எடை போட்டு எழுதிவையுங்கள்.

விலை ஏறினாலும் 1,000 கிலோவும் விற்கும் என்றே இந்த அட்டவணை நம்புகிறது. காய் 40-இல் இருக்க, விலையை 320-இலிருந்து 340-ஆக ஏற்றினால் பழைய 40,000 லாபத்துக்குச் சுமார் 818 கிலோ போதும். அதற்குக் கீழே போனால், விலையை ஏற்றாமலே இருந்திருக்கலாம்.