ரிஸ்க் லாகில் என்ன எழுதுவது, யாரிடம் எப்போது சொல்வது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்குப் புது பில்லிங் மென்பொருள் போடுகிறோம். ஏப்ரல் 1 முதல் புதியதில்தான் பில் போட வேண்டும். எங்கள் டீமில் ஐந்து பேர். "ரிஸ்க் லாக் வைத்துக்கொள்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பிரச்சினையைச் சொன்னால் "நெகட்டிவ்வா பேசாதே" என்கிறார். எப்போது, எப்படிச் சொல்வது?

பதில்: ரிஸ்க் லாக் என்பது வேலையில் தவறிப்போகக்கூடியதையும் தவறிப்போனதையும் எழுதிவைக்கும் பட்டியல். அதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும். இதற்கென்று மென்பொருள் விற்பவர்களும், வண்ண வண்ணக் கட்டங்கள் போட்ட டெம்ப்ளேட் விற்பவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். "வாய்ப்பு ஐந்துக்கு மூன்று, பாதிப்பு ஐந்துக்கு நான்கு, பெருக்கினால் பன்னிரண்டு" என்று கணக்குப் போடச் சொல்வார்கள். ஐந்து பேர் டீமில் அந்தப் பன்னிரண்டை வைத்து யாரும் எந்த முடிவும் எடுத்ததை நான் பார்த்ததில்லை. பெரிய நிறுவனங்களில் ஆடிட்டுக்குக் காட்ட அது தேவைப்படுகிறது. உங்களுக்கு வேண்டாம்.

ஷீட்டில் இவ்வளவுதான் வேண்டும்: வரிசை எண், எழுதிய தேதி, ரிஸ்க்கா இஷ்யூவா, விஷயம் என்ன, பொறுப்பாளர், அடுத்து செய்ய வேண்டியது, கடைசி நாள். இன்னும் நடக்காதது ரிஸ்க், நடந்துவிட்டது இஷ்யூ. ரிஸ்க் நடந்துவிட்டால் அதே வரியில் வகையை மாற்றி, மாறிய தேதியைப் போடுங்கள். பழைய வரியை அழிக்காதீர்கள். பின்னால் "இது எப்போது தெரியும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அன்றைக்கு அந்தத் தேதிகள்தான் பேசும்.

பலரும் தடுக்கி விழுவது "விஷயம் என்ன" என்ற இடத்தில்தான். "டேட்டா பிரச்சினை வரலாம்" என்று எழுதுவார்கள். அதைப் படிப்பவர் என்ன செய்ய முடியும்? காரணம், அதனால் நடக்கக்கூடியது, அதன் விளைவு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். உங்கள் வேலையிலேயே வரக்கூடிய ஒன்று: "இரண்டாம் கிளையின் பழைய மென்பொருளில் ஸ்டாக் பட்டியலை எக்செலாக எடுக்கும் வசதி இல்லை. அதைப் போட்டுக்கொடுத்தவரை நம்பியிருக்கிறோம். அவர் தராவிட்டால் ஏப்ரல் 1 அன்று அந்தக் கிளையில் புது பில் போட முடியாது."

பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். "டீம்" என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து கடைசி நாள். நீங்கள் கேட்ட "எப்போது சொல்வது" என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. பிரச்சினை வெடிக்கும் நாளை இங்கே போடக் கூடாது. எந்த நாளுக்குப் பிறகு வேறு வழி பார்க்க நேரம் இருக்காதோ அந்த நாளைப் போட வேண்டும். அதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மார்ச் 31-க்கு முந்தைய ஒரு வாரம், 24 முதல் 30 வரை, கடைப் பணியாளர்கள் தங்கள் சொந்த ஸ்டாக்கை வைத்துப் பில் போட்டுப் பழக வேண்டும். அதற்குமுன் கடைக்காரர் பட்டியலைச் சரிபார்க்க மூன்று நாள், 20 முதல் 22 வரை. 23 கையிருப்பு நாள். சோதனையாக ஏற்றிப் பார்க்க இரண்டு நாள், 18-ம் 19-ம். ஒரே சரக்குக்கு நான்கு பெயர், விலையே இல்லாத வரி, இப்படி வருவதையெல்லாம் சுத்தம் செய்ய நான்கு நாள், 14 முதல் 17 வரை. ஆக, ஃபைல் உங்கள் கைக்கு வர வேண்டிய கடைசி நாள் மார்ச் 13.

அது வராது என்றால் வேறு வழி பார்க்க ஒரு வாரமாவது வேண்டும். அப்படியானால் சொல்ல வேண்டிய நாள் மார்ச் 13 அல்ல, மார்ச் 6. அன்றைக்கு உங்கள் கையில் மூன்று வழி இருக்கும். பழைய மென்பொருளின் டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து எடுக்கத் தெரிந்த ஒருவரைப் பிடிக்கலாம். அந்தக் கிளையில் ஆள் போட்டு ஸ்டாக்கை எண்ணலாம். அல்லது இரண்டு கிளைகளை ஏப்ரல் 1-க்கும், இரண்டாம் கிளையை மே 1-க்கும் என்று பிரிக்கலாம். மார்ச் 28 அன்று சொன்னால் மூன்றாவது மட்டும்தான் மிஞ்சும், அதுவும் கடைக்காரரின் கோபத்தோடு.

இப்போது "நெகட்டிவ்வா பேசாதே" என்பதற்கு வருகிறேன். மேலாளர் அப்படிச் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானோர் புலம்பலைத்தான் கொண்டுபோகிறார்கள். மீதிப் பாதி நம் அமைப்பின் கோளாறு. எல்லாம் சரியாகப் போகிறது என்று பச்சை காட்டி அறிக்கை கொடுப்பவருக்கு ரிவ்யூவில் பாராட்டு, சிக்கல் வரலாம் என்று மஞ்சள் காட்டியவரிடம் ஒரு மணி நேரம் விசாரணை. அப்புறம் கடைசி வாரத்தில் எல்லாம் சிவப்பானால் "ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று அதே ஆட்கள் கேட்பார்கள். இதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. முடிவு கேட்கும் செய்தியாக அனுப்பினால் சமாளிக்கலாம். முதலில் போனில் சொல்லுங்கள், உடனே எழுத்தில் அனுப்புங்கள்:

"சார், இரண்டாம் கிளை ஸ்டாக் ஃபைல் இன்னும் வரவில்லை. 13-ஆம் தேதிக்குள் வராவிட்டால் அந்தக் கிளை ஏப்ரல் 1-க்குத் தயாராகாது. ஒன்று, வெளியாள் வைத்து டேட்டாபேஸிலிருந்து எடுக்கலாம். இரண்டு, ஸ்டாக்கை எண்ணலாம். மூன்று, அந்தக் கிளையை மட்டும் மே 1-க்குத் தள்ளலாம். முதல் வழி நல்லது என்று நினைக்கிறேன். 9-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவு வேண்டும். அதுவரை எண்ணுவதற்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்து வைக்கிறேன்."

இதில் பயமுறுத்தல் இல்லை, தேதி இருக்கிறது. பதில் வராவிட்டால் 9-ஆம் தேதி லாகில் "முடிவு நிலுவை" என்று மேலாளர் பெயரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். போடுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நான் அதிகம் எச்சரிக்க விரும்புவது வேறொருவரைப் பற்றி. உங்களைப் போன்ற சிறிய புராஜெக்டுகளில் நடுவில் ஒருவர் இருப்பார். ஆர்டர் பிடித்துக் கொடுத்தவராக இருக்கலாம், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சப்ளை செய்பவராக இருக்கலாம். "முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்பார். அவருக்குக் கமிஷன் கையெழுத்தானதும் பாதி, ஓட ஆரம்பித்ததும் மீதி என்று இருக்கும். இந்த நிலையில் கெட்ட செய்தியை அவர் ஏன் கொண்டுபோவார்? நீங்கள் மார்ச் 6 அன்று சொன்னது முதலாளி காதில் "கொஞ்சம் டேட்டா வேலை பாக்கி" என்று போய்ச் சேரும். அவர் வழியாகச் சொன்னதைச் சொன்னதாகவே கணக்கில் வைக்காதீர்கள். வேலை தொடங்கும்போதே கடை முதலாளியையோ அவர் மகனையோ லாகைப் பார்க்கும் ஆளாகச் சேர்த்துவிடுங்கள். நடுவிலுள்ளவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய மென்பொருளைப் போட்டவரும் இதே ரகம்தான். வாடிக்கையாளர் கைநழுவுவது தெரிந்ததும் "நாளைக்கு அனுப்பிடறேன்" என்று இழுத்துக்கொண்டே இருப்பார். இரண்டு "நாளைக்கு" கழிந்ததுமே அந்த வரியை ரிஸ்க்கிலிருந்து இஷ்யூவாக மாற்றுங்கள். அவரிடம் நீங்கள் பேசுவதைவிட, பணம் கொடுத்த கடைக்காரர் பேசினால்தான் ஃபைல் வரும். ஆகவே பொறுப்பாளர் கடைக்காரர், நினைவூட்டுவது நீங்கள்.

ஜவுளிக்கே உரிய ஒரு ரிஸ்க்கையும் லாகில் இன்றே எழுதிவையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஒரு பீஸின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18 சதவீதம். 2,700 ரூபாய் சுடிதாருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2,430 ஆகிவிடும், வரியும் 5-க்கு இறங்க வேண்டும். சரக்கின் மேல் 18 என்று நிரந்தரமாகப் பதிந்திருந்தால் மென்பொருள் 18-ஐத்தான் போடும். சாதாரண நாளில் இது தெரியாது, ஆடித் தள்ளுபடியில் வெளியே வரும். பழகும் வாரத்திலேயே தள்ளுபடி போட்ட பில் ஒன்றை அடித்து, கடையின் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். அந்த வரி மாற்றத்தை அறிவித்தது செப்டம்பர் 3, அமலானது 22. எந்த லாகும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. விகிதத்தைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டு வைத்திருக்க முடியும்.

லாகில் எழுதக் கூடாதது ஒன்று உண்டு. கடையின் கணக்காளர் டீ குடிக்கும்போது உங்களிடம், "மார்ச் முடிஞ்சதும் வேற இடம் போறேன்" என்கிறார் என்று வையுங்கள். உங்களுக்கு அது பெரிய ரிஸ்க், ஏனென்றால் பாக்கிக்காரர்களின் லெட்ஜர் நிலுவை அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் லாகை முதலாளி பார்க்கிறார். "கணக்காளர் விலகப்போகிறார்" என்று எழுதினால் அவர் பிழைப்பில் கைவைத்தது போலாகும். அவருக்கு அந்த வேலை கிடைக்காமலும் போகலாம், மனம் மாறி இங்கேயே இருந்தாலும் இருக்கலாம். அதற்காக எழுதாமலும் இருக்கக் கூடாது. ஆளை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்: "லெட்ஜர் நிலுவையைச் சரிபார்க்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருக்கிறார். அவர் விடுப்பில் போனாலும் வேலை நிற்கும். மார்ச் 15-க்குள் இன்னொருவருக்குக் காட்டித்தர வேண்டும்." இதில் பொய் எதுவும் இல்லை, வேண்டிய காரியமும் நடந்துவிடும். பிறகு கணக்காளரிடம் தனியாக, முதலாளியிடம் அவரே சொல்லிவிடுவது நல்லது என்று சொல்லுங்கள். "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று முதலாளி நேராகவே கேட்டால் கதை கட்டாதீர்கள், "அதை அவரிடமே கேளுங்கள் சார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த டீமில் ஒருவர் விலகுவதாக இருந்தாலும் இதே முறைதான், ஆனால் அதை மேலாளரிடம் பேச அந்த ஆளையே ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை இருபது நிமிடம் உட்கார்ந்து, கடைசி நாள் அடுத்த இரண்டு வாரத்துக்குள் வரும் வரிகளை மட்டும் படித்தால் போதும். திறந்திருக்கும் வரிகள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால், வெறும் வேலைப் பட்டியல் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம், பிரித்து வெளியே போடுங்கள்.

ஏப்ரல் 1 அன்று முதல் பில் வந்ததும் எல்லோரும் லாகை மூடச் சொல்வார்கள், நடுவிலுள்ளவர் எல்லோருக்கும் முந்திச் சொல்வார். மூடாதீர்கள். கடைக்காரர் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் ஏப்ரல் மாதத்துக்கான கடைசித் தேதி மே 11. தவறாகப் போன வரி விகிதமும் இரட்டிப்பான பில் எண்ணும் அந்தத் தாக்கலில்தான் பிடிபடும். அது முடிந்து ஆடிட்டர் சரி என்று சொன்ன பிறகு, லாகின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எப்படி முடிந்தது என்று ஒரு சொல் எழுதி மூடுங்கள்.