சொத்து வரிக் காசோலை திரும்பி வந்தால்

கேள்வி: ஏப்ரலில் காசோலையில் சொத்து வரி கட்டி ரசீதும் வாங்கினேன். இப்போது வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மறுபடியும் கட்ட வேண்டுமா?

ஆம், காசோலை திரும்பியிருந்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால், பழைய ரசீது நகராட்சிக் கணக்கில் ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அரையாண்டு வரி 3,600 ரூபாய். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால், 180 ரூபாய் கழித்து 3,420 ரூபாய்க்கு அப்பா தம் கணக்கிலிருந்து காசோலை கொடுத்தார். கை நடுக்கத்தில் கையெழுத்து மாறிப்போனதால் வங்கி அதைத் திருப்பிவிட்டது. குறுஞ்செய்தி பழைய கைப்பேசி எண்ணுக்குப் போனதால், நவம்பரில் நோட்டீஸ் வரும்வரை எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தபோதுதான், காசோலை பணமானால் மட்டுமே அது செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது கண்ணில் பட்டது.

காசோலை பணமாகியிருந்தால் அதைக் கொடுத்த நாளே வரி கட்டிய நாளாகியிருக்கும். திரும்பிவிட்டதால் ஏப்ரலில் எதுவுமே கட்டவில்லை என்றுதான் கணக்கு. எனவே ஊக்கத்தொகை போயிற்று, முழு 3,600 ரூபாயும் பாக்கியாக நின்றது, அதன்மேல் மாதம் 1 சதவீதம், அதாவது 36 ரூபாய் வீதம் வட்டியும், காசோலை திரும்பியதற்கான கட்டணமும் சேர்ந்தன.

இணையத்தில் கட்டப் போனபோது முதல் அரையாண்டுக்குப் பாக்கியே காட்டவில்லை, ஏனெனில் பழைய வரவு அங்கே அப்படியே இருந்தது. அந்த நிலையில் கட்டியிருந்தால் பணம் அடுத்த அரையாண்டுக்கு வரவாகியிருக்கும், நோட்டீசும் உயிரோடு இருந்திருக்கும். ஆகவே நோட்டீஸ், பழைய ரசீது, காசோலையைத் திருப்பியபோது வங்கி கொடுத்த குறிப்பு மூன்றின் நகல்களையும் வருவாய்ப் பிரிவில் கொடுத்து, ரசீதை ரத்து செய்யச் சொன்னேன். மூன்றாம் நாள் பாக்கி திரையில் வந்தது. இன்னொரு காசோலையை அவர்கள் வாங்கமாட்டோம் என்றார்கள் (நானாக இருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன்), வரைவோலையோ இணையமோதான். இணையத்தில் கட்டி, புதிய ரசீதில் வரிவிதிப்பு எண்ணும் அரையாண்டும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு, அதை இணைத்து நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

உங்கள் நோட்டீஸ் வெறும் வரி பாக்கிக்கானதா, காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவைக் குறிப்பிடுகிறதா என்றும் பாருங்கள். பின்னதாக இருந்தால், அது கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்தியாக வேண்டும். ரசீது ரத்தாகட்டும் என்று அப்போது காத்திருக்காமல், உடனே வரைவோலை எடுத்து, நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிட்ட கடிதத்துடன் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.