மத்தேயு, மாற்கு, லூக்கா: யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?

கேள்வி: மாயவரம் பக்கத்தில் எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் பல இடங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கின்றனவே, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? 'க்யூ' என்கிறார்களே, அது என்ன? புதிதாகப் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்:

மாற்கு முதலில் எழுதப்பட்டது, மற்ற இருவரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதைத்தான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். என் கருத்தும் அதுவே. மாற்கில் இல்லாமல் மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் இருநூற்றுச் சொச்சம் வசனங்கள் பொதுவாக உள்ளன. அவை எங்கிருந்து வந்தன என்பதில்தான் சச்சரவு. அங்கேதான் க்யூ வருகிறது.

முதலில் வகுப்பில் ஒரு சந்தேகம் எழும்: ஒரே சம்பவத்தை மூன்று பேர் கேட்டு எழுதினால் ஒன்றுபோல்தானே இருக்கும்? சம்பவம் ஒன்றுபோல் இருக்கும், வாக்கியம் அப்படி இருக்காது. இயேசு பேசியது அரமேயம், சுவிசேஷங்கள் இருப்பதோ கிரேக்கத்தில். தனித்தனியே மொழிபெயர்த்த மூவரின் கிரேக்கம் இவ்வளவு நெருக்கமாக அமைய வழியில்லை. மாற்கு 2:10, மத்தேயு 9:6, லூக்கா 5:24 மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்று நீங்கள் அறியவேண்டும் என்று இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்து, திமிர்வாதக்காரனை நோக்கிச் சொன்னார் என்று எழுதுகிறவர் குறுக்கே வருகிறார். பிறகு பேச்சு தொடர்கிறது. மூன்றிலும் அதே இடத்தில் அறுகிறது. இது வாயால் சொன்னதன் தடமல்ல, எழுதிய ஏட்டின் தடம். இதில் நெருடல் ஒன்றும் வேண்டாம். தனக்கு முன்பே அநேகர் எழுத முயன்றார்கள் என்று லூக்காவே தன் முதல் வசனத்தில் சொல்லிவிடுகிறார்.

இனி திசை. மூன்றும் ஒத்துப்போகின்றன என்பதை வைத்து எது மூலம் என்று சொல்லிவிட முடியாது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். சம்பவங்களின் வரிசையைப் பார்த்தால், மத்தேயு மாற்கின் வரிசையை விட்டு விலகும் இடத்தில் லூக்கா பெரும்பாலும் மாற்கோடு நிற்கிறார். லூக்கா விலகினால் மத்தேயு நிற்கிறார். 'ஆகவே மாற்குதான் முதல்' என்று பல பழைய பாடநூல்கள் முடித்துவிடும். அது தவறு. மாற்கு நடுவில் இருக்கிறார் என்பது மட்டுமே இதிலிருந்து வரும். மாற்கிலிருந்து இருவரும் எடுத்திருக்கலாம். மத்தேயுவிலிருந்து மாற்கு, மாற்கிலிருந்து லூக்கா என்று சங்கிலியாகவும் போயிருக்கலாம். மத்தேயு முதல், மாற்கு இரண்டாவது என்ற வரிசை அகஸ்தீனார் காலத்திலிருந்தே உண்டு. அல்லது மாற்கு கடைசியாக வந்து இருவரையும் சுருக்கிச் சேர்த்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரீஸ்பாக் சொன்னதும், 1964இல் வில்லியம் ஃபார்மர் மறுபடி எடுத்து நிறுத்தியதும் இதைத்தான்.

அப்படியானால் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய குத்தகைப் பத்திரத்தைப் பார்த்துப் புதியது எழுதுகிறவர் முதல் பக்கத்தில் பெயரைக் கவனமாக மாற்றுவார், மூன்றாவது பக்கத்தில் கை சோர்ந்து பழைய பெயரே விழுந்துவிடும். அந்த மாதிரித் தடங்களைத் தேட வேண்டும். 1998இல் மார்க் குட்ஏக்கர் இவற்றைத் தொகுத்து, எழுத்தாளரின் 'சோர்வு' என்று பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை முழுதாகப் பார்ப்போம்.

யோவான்ஸ்நானன் கொலை. மாற்கு 6:14-29, மத்தேயு 14:1-12. மாற்கு தொடக்கத்திலிருந்தே ஏரோதை 'ராஜா' என்கிறார். உண்மையில் ஏரோது அந்திப்பா ராஜா அல்ல, ரோமருக்குக் கீழே கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்டவன், பதவி காற்பங்கு தேசாதிபதி. மத்தேயு இதைச் சரியாக அறிந்தவர், 14:1இல் அந்தப் பதவியையே எழுதுகிறார். ஆனால் 14:9க்கு வந்ததும் 'ராஜா துக்கமடைந்தான்' என்கிறார்.

அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எதற்குத் துக்கம்? மாற்கில் கொல்லத் துடிப்பவள் ஏரோதியாள். ஏரோதோ யோவானை நீதிமான் என்று அறிந்து பயந்து காப்பாற்றி வைத்திருக்கிறான், அவன் பேச்சை விருப்பமாய்க் கேட்கிறான். அதனால் தலையைக் கேட்டபோது அவன் துக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மத்தேயு கதையைச் சுருக்கும்போது 14:5இல் ஏரோதே கொல்ல மனதாயிருந்தான், ஜனங்களுக்குப் பயந்தே விட்டுவைத்தான் என்று மாற்றிவிட்டார். கொல்ல நினைத்தவனுக்கு வாய்ப்பு வந்ததும் துக்கம் ஏன் வருகிறது? மாற்கின் துக்கம் இங்கே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கதையின் முடிவிலும் ஒரு முடிச்சு. மாற்கில் இது முன்நிகழ்ச்சி. யோவான் உயிர்த்தெழுந்தானோ என்று ஏரோது சந்தேகப்பட, அவன் முன்பு எப்படி இறந்தான் என்று சொல்லப்படுகிறது. சீஷர்கள் அடக்கம் செய்ததோடு அது முடிந்து, வேறு செய்தி தொடங்குகிறது. மத்தேயுவும் முன்நிகழ்ச்சியாகவே தொடங்குகிறார். ஆனால் 14:12இல் சீஷர்கள் போய் இயேசுவுக்கு அறிவிக்கிறார்கள், 14:13இல் இயேசு அதைக் கேட்டுப் படவில் புறப்படுகிறார். எப்போதோ நடந்து முடிந்ததாகச் சொல்லத் தொடங்கிய கதை, இப்போது நடப்பதோடு கலந்துவிட்டது. மூன்று இடறல்களும் மாற்கிலிருந்து மத்தேயுவுக்கு வந்தால் எளிதாக விளங்கும். திருப்பிப் போட்டால், மத்தேயுவின் ஒவ்வொரு முரணையும் மாற்கு கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் நடக்கக்கூடாததல்ல. அதனால் ஒரே ஓர் இடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், பல இடங்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள்.

லூக்காவிலும் ஓர் இடம் சொல்கிறேன், ஆனால் இதற்கு நீங்கள் எந்த மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறீர்கள் என்பது முக்கியம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை லூக்கா 9:10இல் பெத்சாயிதா என்னும் நகரத்தில் வைக்கிறார். இரண்டு வசனம் தள்ளி, 'வனாந்தரத்தில் இருக்கிறோமே, ஜனங்களை அனுப்பிவிடும்' என்கிறார்கள் சீஷர்கள். மாற்கில் இடமே வனாந்தரம், சிக்கல் இல்லை. இந்த முரண் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் தெரியும். உங்கள் சபையின் பழைய மொழிபெயர்ப்பில் தெரியாது, அங்கே பெத்சாயிதாவைச் சேர்ந்த வனாந்தரமான இடம் என்று இருக்கும். நம் டெல்டாவின் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு தொடங்கி நீண்ட காலத்துக்குத் தமிழாக்கங்கள் அந்நாளில் அச்சில் கிடைத்த கிரேக்கப் பாடத்தையே சார்ந்திருந்தன. அதில் பிற்காலப் படியெடுப்பாளர்கள் முரண்களை நிரவிய இடங்கள் பல உண்டு. 'நகரம்' என்ற வாசிப்பு மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றிலும் வத்திக்கான் சுவடியிலும் இருக்கிறது. லூக்கா 11இன் கர்த்தருடைய ஜெபமும் இப்படித்தான்: பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6இல் இருப்பது போலவே நீளம், திருவிவிலியத்தில் 'தந்தையே' என்று தொடங்கிச் சுருக்கமாக முடியும். ஒப்பிட்டுப் படிக்கும் வகுப்புக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி க்யூ. மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9 இரண்டையும் பாருங்கள். 'விரியன்பாம்புக்குட்டிகளே' என்று தொடங்கும் யோவானின் கண்டனம் கிரேக்கத்தில் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. மத்தேயுவில் அது பரிசேயர் சதுசேயருக்கு, லூக்காவில் திரளான ஜனங்களுக்கு. மாற்கில் இந்தப் பேச்சு கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்றால், மாற்கைத் தவிர இன்னொரு கிரேக்க ஏடு இருவர் கையிலும் இருந்திருக்க வேண்டும். ஜெர்மானியச் சொல்லான க்வெல்லே, அதாவது மூலம், என்பதன் முதல் எழுத்தை அதற்குப் பெயராக வைத்தார்கள். ஹோல்ட்ஸ்மன் 1863இல் இதை விரிவாக நிறுவினார். 1924இல் ஸ்ட்ரீட்டர் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் தனித்தனி மூலங்களைச் சேர்த்து நான்கு மூலக் கொள்கையாக்கினார்.

வகுப்பில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: க்யூவின் ஒரு துண்டுச் சுவடிகூடக் கிடைக்கவில்லை. அது கணக்கிட்டுப் பெற்ற ஏடு. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் முழுமையாகக் கிடைத்த தோமாவின் சுவிசேஷம் வெறும் வாக்குகளின் தொகுப்பு. அப்படி ஒரு வகை நூல் இருந்திருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. அது க்யூ அல்ல.

1955இல் ஆஸ்டின் ஃபாரர் க்யூ தேவையே இல்லை என்றார். லூக்கா மாற்கோடு மத்தேயுவையும் வாசித்திருந்தால் கணக்கு முடிந்தது. ஃபாரர் பக்கத்தாரின் வலுவான இடம் இயேசுவைப் பரிகாசம் செய்யும் காட்சி. மாற்கு 14:65இல் முகத்தை மூடி, அடித்து, 'ஞானதிருஷ்டியினால் சொல்' என்கிறார்கள், அவ்வளவுதான். மத்தேயு 26:68, லூக்கா 22:64 இரண்டிலும் 'உன்னை அடித்தவன் யார்?' என்ற கேள்வி கூடுதலாக இருக்கிறது. கிரேக்கத்தில் ஐந்து சொற்கள், ஐந்தும் ஒன்று. பொதுவான கணிப்பில் க்யூவில் பாடுகளின் வரலாறு கிடையாது, ஆகவே அதிலிருந்து வந்தது என்று சொல்வது கடினம். மத்தேயுவின் மூலப்பாடத்தில் இந்தச் சொற்கள் இல்லை, பின்னால் நுழைந்தவை என்றார் ஸ்ட்ரீட்டர். ஆனால் அவை இல்லாத கிரேக்கச் சுவடி ஒன்றும் இல்லை. இது க்யூ கொள்கைக்கு நிஜமான இடைஞ்சல் என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் லேசானதல்ல. லூக்கா மத்தேயுவை வாசித்திருந்தால் மலைப்பிரசங்கத்தை ஏன் துண்டாக்கிப் பல அதிகாரங்களில் தூவினார்? பேதுருவைக் கல்லாக வைத்துச் சொன்ன மத்தேயு 16:17-19ஐ ஏன் விட்டார்? யோசேப்பின் வம்சத்தை மத்தேயு சாலொமோன் வழியாகக் கொண்டுவர, லூக்கா ஏன் நாத்தான் வழியாகக் கொண்டுபோனார்? நீண்ட பேச்சுகளைக் குறைப்பது லூக்காவின் வழக்கம், மாற்கு 4இன் உவமைத் தொகுப்பையும் அவர் குறைத்தார் என்று ஃபாரர் பக்கத்தார் பதில் சொல்கிறார்கள். முதல் கேள்விக்கு இது பொருந்துகிறது. வம்சவரலாற்றுக்கு எனக்குத் திருப்தி தரவில்லை. மாற்கு முதல் என்பதில் எனக்கு உறுதி உண்டு, க்யூவைப் பற்றி அந்த உறுதி இல்லை.

வகுப்புக்கு மாற்கு 2:1-12, மத்தேயு 9:1-8, லூக்கா 5:17-26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பத்தியாகப் பெரிய தாளில் எழுதி, மூவருக்கும் பொதுவானதை ஒரு நிறத்திலும், மாற்கும் மத்தேயுவும் மட்டும், மாற்கும் லூக்காவும் மட்டும், மத்தேயுவும் லூக்காவும் மட்டும் என்பவற்றை வேறு மூன்று நிறங்களிலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கடைசி நிறம் மிகக் குறைவாகவே விழும். மாற்கு 2:4இல் கூரையைப் பிரித்த செய்தி மத்தேயுவில் இல்லை. ஆனாலும் 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்ற வரி மத்தேயு 9:2இல் இருக்கிறது. இயேசு கண்டது எதை என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். யோவான்ஸ்நானன் கொலையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.