சிக்னல் ஃபுல், நெட் மட்டும் நகராது

"வேலை விஷயமாக வெளிநாடு போகிறேன். ரோமிங் பேக் போடவா, அங்கே போய் ப்ரீபெய்டு சிம் வாங்கவா, இல்லை இ-சிம்மா? வீடியோ கால் ஒழுங்காகப் பேசுகிற அளவுக்கு எதில் ஸ்பீடு வரும்?"

அந்த நாட்டு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம். அதையே இ-சிம்மாகத் தந்தாலும் சரி. "எனக்கு ரோமிங் பேக்கே அருமையாக ஓடியதே" என்று சிலர் வருவார்கள். ஓடியிருக்கும், மறுக்கவில்லை. நான் சொல்வது வீடியோ காலை நம்பிப் போகிறவருக்கு.

இதை மூன்று வழியாகப் பார்ப்பதில்தான் குழப்பமே. இ-சிம் என்பது சிம்மின் வடிவம், அவ்வளவுதான். கேட்க வேண்டியது, உங்கள் டேட்டா எந்த நாட்டில் இன்டர்நெட்டுக்குள் இறங்குகிறது என்பதை. ரோமிங்கில் பெரும்பாலும் நீங்கள் நிற்கிற ஊரின் டவர் டேட்டாவை வாங்கி, உங்கள் சொந்த நாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். அங்கிருந்துதான் அது வெளியே போகும். பக்கத்துத் தெருக் கடையின் வெப்சைட்டைத் திறந்தாலும் இதே சுற்றுதான். ஆன்லைனில் விற்கிற டிராவல் இ-சிம்களில் பலவும் உண்மையில் வேறு ஏதோ நாட்டு நிறுவனத்தின் ரோமிங் சிம்தான். 'டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள்' என்று அதன் குறிப்பில் இருந்தால் புரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஆபீசில் பயணத்துக்கு எல்லோருக்கும் அப்படி ஓர் இ-சிம் கொடுத்தார்கள். கூட வந்த தோழி மட்டும் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிக்கொண்டார். ஒரே மேஜை, இருவர் போனும் ஒரே நெட்வொர்க்கில். ஸ்பீடு டெஸ்ட் போட்டோம். டவுன்லோடு எனக்கு 25 எம்பிபிஎஸ், அவருக்கு 40. பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். ஆனால் பிங், அதாவது டேட்டா ஒருமுறை போய்த் திரும்பிவர ஆகும் நேரம், எனக்கு 310 மில்லிவிநாடி, அவருக்கு 28. மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவரும் பேச ஆரம்பிப்பார், இருவரும் நிறுத்துவோம், மறுபடி இருவரும் ஒன்றாக ஆரம்பிப்போம். மேப் திறந்தால் வெறும் சாம்பல் கட்டங்கள்.

ஒரு வெப் பக்கம் திறப்பதற்குள் போனிலிருந்து டேட்டா பலமுறை போய்வர வேண்டும். முகவரியைக் கேட்க ஒருமுறை, தொடர்பு பிடிக்க ஒருமுறை, பூட்டுச் சாவி பரிமாற ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை. நான்கு முறைக்கு 310 வீதம் ஒன்றேகால் விநாடி, ஒரு எழுத்து வருவதற்கு முன்பே. அவருக்கு அதே வேலை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 10,000 கிலோமீட்டர் போய்வரவே 100 மில்லிவிநாடி. எந்த பேக் போட்டாலும் இதைக் குறைக்க முடியாது. கஸ்டமர் கேரில் "டவுன்லோடு ஸ்பீடு நன்றாகத்தானே காட்டுகிறது, போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றார்கள்.

(அந்தத் தோழி சிம் வாங்கிய காசை அக்கவுன்ட்ஸ் தரவில்லை. பில்லில் கம்பெனி பெயர் இல்லையாம். ஏர்போர்ட் கவுன்டரில் நிற்பவர் கம்பெனி பெயர் போட்டு பில் தருவாரா? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.)

எல்லா டிராவல் இ-சிம்மும் மோசம் என்று சொல்லவில்லை. சிலது நீங்கள் இருக்கும் நாட்டிலோ பக்கத்து நாட்டிலோ டேட்டாவை இறக்கிவிடும். போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு, ஐபி முகவரி எந்த நாடு என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்து நாடு என்றால் பேசிக்கொள்ளலாம், கண்டம் தாண்டியிருந்தால் இழுக்கும்.

மெதுவாக இருப்பதற்கெல்லாம் தூரம் காரணமில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் டெஸ்ட் செய்தாலும் 128 கேபிபிஎஸ் மாதிரி ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், அன்றைய அதிவேக அளவு தீர்ந்து நிறுவனமே கட்டுப்படுத்தியிருக்கிறது. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருக்கும், அளவு தீர்ந்தபின் என்ன வேகம் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இடத்துக்கும் நேரத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கினால் அது டவரில் கூட்டம். அப்போது ரோமிங் சிம்மில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு வேறு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் சிம்மில் பொதுவாக அந்த வசதி இல்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் ரோமிங் மேல், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் போன் இரண்டு சிம் தாங்கினால் பழைய சிம்மைக் கழற்றாதீர்கள், பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். அங்கே எஸ்எம்எஸ் வரும்படி ரோமிங்கை மட்டும் கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் சொல்லி ஆன் செய்துகொள்ளுங்கள். அந்த சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். டேட்டாவுக்குப் புது சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் கீழே இருக்கும் 'தேவைப்பட்டால் மற்ற சிம்முக்கு மாறு' என்ற பொத்தானையும் அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் புது சிம்மில் சிக்னல் குறையும்போது போன் சத்தமில்லாமல் பழைய சிம்முக்கு மாறப் பார்க்கும்.